துலாச் செவ்வாய் ஏழிலா, ஆறிலா? ஒரு மதுரை ஜாதகம்

திருமங்கலம் பக்கத்துக் குடும்பம். பையனுக்குப் பெண் பார்த்து, பத்துப் பொருத்தத்தில் ஏழு வந்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போன பிறகு செவ்வாயில் வந்து நின்றது. பையனுக்கு ஏழில் செவ்வாய், பெண் ஜாதகம் சுத்தம். பெண் வீட்டு ஜோதிடர் யோசிக்க வேண்டும் என்றார். இந்த நேரத்தில் பையனின் தாய்மாமா மொபைலில் ஒரு ஆப்பைத் திறந்து அதே பிறந்த நேரத்தைப் போட்டிருக்கிறார். அதில் செவ்வாய் ஆறாம் வீட்டில் இருந்தது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரே புள்ள, ஒரே நேரம். ஒண்ணு ஏழுங்குது, ஒண்ணு ஆறுங்குது. எது தப்பு?"

இரண்டுமே தப்பில்லை. ஒன்று ராசியையே வீடாக எடுத்துக்கொண்ட கட்டம். மற்றது பிளாசிடஸ் முறையில் வீடு பிரித்த கட்டம். இந்த ஜாதகத்தில் செவ்வாய் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்பதால் ஆராய்ந்து பார்க்க நல்ல உதாரணம். பெயரும் மற்ற அடையாளமும் வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம்.

பிறந்தது மதுரை நகரில், 1999 ஏப்ரல் 24, சனிக்கிழமை காலை 7.05. சித்ரா பௌர்ணமிக்கு ஒரு வாரம்கூட இல்லை. மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்த நேரம் இது. பாட்டி "ஏழு மணிக்கு முன்னாடியே பொறந்துட்டான்" என்றார், ஐந்து பத்து நிமிடம் அப்படி இப்படி இருக்கலாம். லாகிரி அயனாம்சத்தில் லக்னம் மேஷம் 25 பாகை 18 கலை வருகிறது. செவ்வாய் துலாத்தில் ஏறக்குறைய பத்தரை பாகை, சுவாதி நட்சத்திரத்தில், வக்கிரம். சந்திரன் கடகத்தில் ஆயில்யம். சூரியனும் சனியும் மேஷத்திலேயே.

வீட்டில் இருந்த பழைய நோட்டு ஜாதகத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் தடவிய முதல் பக்கம், பிள்ளையார் சுழி, கீழே ராசிக் கட்டம். மேஷக் கட்டத்தில் "ல" என்று ஒரு எழுத்து, கூடவே சூரியனும் சனியும். துலாக் கட்டத்தில் "செவ்" என்றும் பக்கத்தில் வக்கிரத்துக்கு ஒரு "வ" என்றும் இருந்தது. கர்ப்பச் செல் போக புதன் தசை இருப்பு ஆறு வருடத்துச் சொச்சம் என்று நாள்கணக்கு வரை போட்டிருந்தார்கள். ஆனால் லக்னம் எத்தனை பாகை என்று எங்கேயும் இல்லை. எழுதியவர் விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் பார்க்கும் முறைக்கு அது தேவைப்படவில்லை. லக்னம் மேஷத்தில் ஒரு பாகையில் இருந்தாலும் இருபத்தொன்பதில் இருந்தாலும் மேஷம் முழுக்க முதல் வீடு, துலாம் முழுக்க ஏழாம் வீடு. துலாத்தில் எங்கே நின்றாலும் செவ்வாய் ஏழில்தான்.

பிளாசிடஸில் அந்தப் பாகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் வீடு மேஷம் 25 பாகை 18 கலையில்தான் ஆரம்பிக்கும். அதற்கு நேரெதிரே துலாம் 25 பாகை 18 கலையில் ஏழாம் வீடு ஆரம்பிக்கும். துலாத்தில் அதற்கு முன்னால் உள்ள 25 பாகையும் ஆறாம் வீட்டைச் சேர்ந்தவை. செவ்வாய் பத்தரையில் நிற்பதால் ஏழாம் வீட்டு வாசலுக்குக் கிட்டத்தட்ட 15 பாகை பின்னால் இருக்கிறது. மேற்கத்திய ஜோதிடர்களில் பலர், வாசலுக்கு 5 பாகைக்குள் வந்த கிரகத்தை அடுத்த வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சலுகை கொடுத்தாலும் இது உள்ளே வராது.

வானத்தைப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். லக்னம் என்பது கிழக்கே உதித்துக்கொண்டிருக்கும் பாகை, ஏழாம் வீட்டு முனை மேற்கே அடைந்துகொண்டிருக்கும் பாகை. பிளாசிடஸில் அடிவானத்துக்கு மேலே மேற்கில் இருப்பது ஏழாம் வீடு, அதே மேற்கில் அடிவானத்துக்குக் கீழே இறங்கியது ஆறாம் வீடு. அந்த ஏப்ரல் 24 செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே நின்ற நாள். இரவெல்லாம் தெரிந்து, சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டி மேற்கே அடைந்துவிட்டது. பையன் பிறந்தபோது சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, செவ்வாய் மறைந்தும் ஏறக்குறைய அவ்வளவு நேரம். மறைந்துவிட்ட கிரகத்தை ஏழில் வைக்க பிளாசிடஸில் வழியில்லை. இதே காரணத்தால் லக்னத்தில் இருப்பதாக நோட்டில் எழுதியிருக்கும் சூரியனும் சனியும் பிளாசிடஸில் பன்னிரண்டுக்குப் போய்விடும். உதித்து மேலே வந்துவிட்ட கிரகங்களுக்கு அங்கே பன்னிரண்டாம் வீடுதான்.

ஆக, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள கோடு அடிவானம்தான். பிளாசிடஸுக்கென்று உள்ள தனிக் கணக்கு மற்ற முனைகளில்தான் வரும். உதிக்கும் புள்ளி உச்சிக்குப் போக எடுக்கும் நேரத்தை மூன்றாகப் பங்கிட்டு இடையிலுள்ள வீடுகளை நிறுத்துவது அந்த முறை. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பிளாசிடஸ் அதைப் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மதுரை பூமத்திய ரேகைக்குப் பத்து பாகைக்குள் இருப்பதால் இங்கே வீடுகள் ரொம்பக் கோணிப்போவதில்லை. இந்த ஜாதகத்தில் ஆறாம் வீடு கன்னி 21½-இல் தொடங்கி 34 பாகை அகலம், ஏழாம் வீடு விருச்சிகம் 23½ வரை 28 பாகை அகலம். லண்டனில் பிறந்தவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு பல மடங்கு இருக்கும், துருவ வட்டத்துக்கு அப்பால் கணக்கே நின்றுபோகும். அதனால் 'பிளாசிடஸ் வெளிநாட்டுக் கோணல் கணக்கு' என்று நம்மூர் ஜாதகத்தில் அதை ஒதுக்குவது சரியான காரணம் ஆகாது.

அப்புறம் மாமா கேட்டது நியாயமான கேள்வி. "பாட்டி சொல்ற மாதிரி நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஏழுக்கு வந்துடுமா?"

அன்றைய காலையை முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். மதுரையில் மேஷ லக்னம் 5.33 வாக்கில் ஆரம்பித்து 7.23 வாக்கில் முடிகிறது. செவ்வாய் நிற்கும் பாகை மேற்கே அடைவது 6.10-க்கு. 5.33-க்கும் 6.10-க்கும் நடுவில் பிறந்திருந்தால் ராசியிலும் ஏழு, பிளாசிடஸிலும் ஏழு, பிரச்சினையே இல்லை. 6.10-இலிருந்து 7.23 வரை ராசியில் ஏழு, பிளாசிடஸில் ஆறு. நம் பையன் இந்த இடைவெளியில் விழுகிறான். 7.23 தாண்டினால் லக்னம் ரிஷபம் ஆகிவிடும், செவ்வாய் இரண்டிலுமே ஆறு. பாட்டி சொல்வது போல ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்தாலும், ஆறேமுக்கால் என்றே வைத்தாலும் பிளாசிடஸ் பதில் மாறாது. ராசிப் பதில் மாற 18 நிமிடம் தள்ள வேண்டும், பிளாசிடஸ் பதில் மாற 55 நிமிடம் முன்னால் போக வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே நாளில் விடியற்காலை 5 மணிக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் லக்னம் மீனம் 20½. துலாம் அதற்கு எட்டாம் ராசி, நோட்டில் செவ்வாய் எட்டு என்று எழுதுவார்கள். பிளாசிடஸில் ஏழாம் வீடு கன்னி 20½-இல் தொடங்கி துலாம் 22 பாகை தாண்டியும் போகிறது. செவ்வாய் அதற்குள் உட்கார்ந்துவிடும். ஏழிலிருந்து வெளியே தள்ளுவதும் இந்த முறைதான், எட்டில் இருப்பதை ஏழுக்குள் இழுப்பதும் இதே முறைதான். லக்னம் ராசியின் கடைசிப் பாகைகளில் இருக்கும்போது இது கட்டாயம் நடக்கும். லக்னம் ஒன்று இரண்டு பாகையில் இருந்தால் இரண்டு கட்டமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே யாராவது இந்தச் சந்தேகத்தோடு வந்தால் நான் முதலில் கேட்பது லக்னம் எத்தனை பாகை என்பதைத்தான்.

அயனாம்சம் பற்றி ஒரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. லாகிரியா, கே.பி.யா, வேறு ஏதாவதா என்று சண்டை போடுவோம். பிளாசிடஸ் வீட்டுக்கு அந்தச் சண்டையே கிடையாது. செவ்வாயிலும் லக்னத்திலும் ஒரே அளவைக் கழிப்பதால் இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறாது, வீடும் மாறாது. ராசிக் கட்டத்தில் அப்படி இல்லை. கோடு ராசி எல்லையில் இருப்பதால், எல்லையில் நிற்கும் லக்னமோ கிரகமோ அயனாம்சம் சில கலை மாறினாலே அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பது வேறு கதை. அங்கே கிரகத்தின் பாகையே மாறுவதால் இரண்டு முறையும் பாதிக்கப்படும்.

இனி இங்கே மூன்றாவதாக ஒரு கட்டம் வந்து குழப்புகிறது. நம் ஜோதிடர்கள் பாவச் சக்கரம் என்று போடுவது பெரும்பாலும் ஸ்ரீபதி முறை. அதில் லக்னப் பாகை முதல் வீட்டின் நடு, தொடக்கம் அல்ல. ஏழாம் வீட்டுக்கும் அப்படித்தான், துலாம் 25 பாகை 18 கலை ஏழாம் பாவத்தின் மத்தி. பாவத்தின் தொடக்கமான சந்தி துலாம் 9 பாகைக்குச் சற்று முன்னால் விழுகிறது. செவ்வாய் பத்தரையில் இருப்பதால் ஒன்றரை பாகை வித்தியாசத்தில் ஏழுக்குள் தப்பிப் பிழைக்கிறது. சந்தியை ஒட்டி நிற்கும் கிரகம் அந்தப் பாவத்துக்கு முழுப் பலன் தராது என்பது ஸ்ரீபதிக்காரர்கள் வாசிப்பு. இங்கே மட்டும் நேரம் உறுத்தும். ஆறு நிமிடம் தாமதமாகப் பிறந்திருந்தால் சந்தி முன்னே நகர்ந்து செவ்வாய் ஆறுக்குப் போயிருக்கும். ஆப்பில் 'பாவம்' என்று ஒரு கட்டம் வந்தால் அது ஸ்ரீபதியா பிளாசிடஸா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லக்னப் பாகை முதல் பாவத்தின் ஆரம்பமாகப் போட்டிருக்கிறதா, நடுவாகப் போட்டிருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள். மாமாவின் ஆப்பில் அது ஆரம்பம்.

சரி, இப்போது தோஷத்துக்கு வருவோம். மாமாவின் கணக்கு எளிது. லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால்தான் தோஷம். ஆறு அந்தப் பட்டியலில் இல்லை. பிளாசிடஸில் ஆறு வந்துவிட்டது, எனவே தோஷம் இல்லை. "பெண் வீட்டுக்காரங்ககிட்ட இந்தத் தாளைக் காட்டிறலாமில்லண்ணே?"

இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 2, 4, 7, 8, 12 பட்டியலை நம்மூரில் புழங்குவதே ராசியை வீடாக எண்ணித்தான். லக்னத்திலிருந்து மட்டுமா எண்ணுகிறோம்? சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறோம். சந்திரனுக்கு யார் பிளாசிடஸ் வீடு போட்டார்கள்? சந்திரன் கடகத்தில், அதிலிருந்து துலாம் நாலு. நாலும் பட்டியலில் இருக்கிறது. லக்னக் கணக்கில் செவ்வாயை ஆறுக்குத் தள்ளினாலும் சந்திரக் கணக்கில் அது அப்படியே நிற்கிறது. சுக்கிரன் ரிஷபத்தில் இருப்பதால் அங்கிருந்து மட்டும் ஆறு வருகிறது. ஒரு விதியில் பாதியை ஒரு முறையிலும் பாதியை இன்னொரு முறையிலும் எண்ணினால் வரும் விடைக்குப் பெயர் பரிகாரம் அல்ல, கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறந்தது போலத்தான்.

பிளாசிடஸை நம் ஊரில் வேரூன்ற வைத்தது கே.பி. முறை. திருவையாற்றில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை உருவாக்கினார். அந்த முறைக்குள் உண்மையிலேயே நுழைந்தால் மாமாவுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே ஆறாம் வீடு கல்யாணத்துக்கு நிம்மதி தரும் இடம் கிடையாது. ஆறு என்பது ஏழுக்குப் பன்னிரண்டு, அதாவது ஏழின் விரயம். திருமணத்துக்கு 2, 7, 11 கைகொடுக்கும், 1, 6, 10 தடுக்கும் என்று வாசிப்பார்கள். செவ்வாய் ஆறில் நின்று, வீட்டு முனைகளின்படி 1-க்கும் 8-க்கும் அதிபதி ஆகிறது. 'தோஷம் போச்சு' என்று சந்தோஷப்பட்ட அதே இடத்தை கே.பி.காரர் 'இந்தச் செவ்வாய் திருமணத்துக்கு உதவாது' என்று படிப்பார்.

ஆனால் கே.பி. அத்தோடு நிறுத்தாது. அங்கே தீர்ப்பு சொல்வது ஏழாம் முனையின் உப நட்சத்திர அதிபதி, அதாவது அந்த முனை விழும் நட்சத்திரத்தின் உட்பிரிவுக்கு உரிய கிரகம். துலாம் 25 பாகை 18 கலை விசாக நட்சத்திரத்தில், உப அதிபதி புதன். கே.பி. அயனாம்சத்தில் ஆறு கலை கூடும், அப்போதும் புதன்தான். நோட்டில் மீனத்தில் பன்னிரண்டாவதாக எழுதியிருக்கும் அந்தப் புதன் பிளாசிடஸில் பதினொன்றுக்கு வந்துவிடுகிறது. திருமணம் உண்டு என்பதற்கு கே.பி.யில் இது நல்ல அறிகுறி. புதன் நிற்பது சனியின் உத்திரட்டாதியில், சனியோ பன்னிரண்டில், அதனால் இழுத்தடிக்கும் என்பார்கள். இது செவ்வாயைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வியே வேறு கிரகத்திடம் போய்விட்டது.

இங்கேதான் நேரத்தின் துல்லியம் உண்மையில் கடிக்கிறது. புதனின் உபம் துலாம் 25 பாகை 46 கலையோடு முடிகிறது. லக்னம் ஒரு பாகை நகர அந்த நேரத்தில் நாலு நிமிடத்துக்கும் குறைவு. அப்படியானால் இரண்டு நிமிடம் தாமதமாகப் பிறந்திருந்தாலே உப அதிபதி கேது ஆகிவிடுவார். செவ்வாய் ஆறிலா ஏழிலா என்பதற்கு ஐம்பது நிமிடம் அவகாசம் இருந்தது. அதே தாளில் அடுத்த வரிக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 7.05 என்று சீட்டில் ஐந்தின் பெருக்கலாக எழுதியிருக்கும் நேரத்தை வைத்து உப அதிபதி வரை போவதை நான் நம்புவதில்லை. நர்ஸ் கடிகாரத்தை எப்போது பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்? பிரசவ வார்டில் முதல் வேலை குழந்தையைப் பார்ப்பது, அதுதான் சரியும்கூட.

இத்தனையும் சொன்ன பிறகும் மாமா விடவில்லை. "பொருத்தம் நல்லா இருக்குண்ணே, பையனுக்கும் புடிச்சிருக்கு. நாம பிளாசிடஸ்லயே பாப்போம். அதுவும் ஒரு முறைதானே?"

ஒரு முறைதான். அப்படியென்றால் பெண் ஜாதகத்தையும் அதிலேயே போட வேண்டும் என்றேன். பெண்ணின் லக்னம் கடகம் 26 பாகை. செவ்வாய் கன்னியில் 9 பாகை, ராசியில் மூன்று, அதனால்தான் சுத்த ஜாதகம் என்று சொல்லியிருந்தார்கள். பிளாசிடஸில் போட்டதும் மூன்றாம் வீடு கன்னியின் கடைசிப் பாகைகளில் ஆரம்பித்தது. செவ்வாய் பின்வாங்கி இரண்டுக்கு வந்து உட்கார்ந்தது. இரண்டு, தோஷப் பட்டியலில் முதல் எண். பையனுக்கு நீக்கிய தோஷம் பெண்ணுக்கு வந்துவிட்டது.

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ராசியிலயே வச்சுக்குவோம்" என்றார்.

கடைசியில் இரண்டு வீட்டு ஜோதிடர்களும் ராசிக் கட்டத்தை மட்டும் வைத்துப் பேசினார்கள். மேஷ லக்னத்துக்குச் செவ்வாயே லக்னாதிபதி, லக்னாதிபதி ஏழில் இருந்து தன் லக்னத்தையே பார்க்கும்போது தோஷத்தை எவ்வளவு எண்ணுவது என்பதுதான் பேச்சு. பெண் வீட்டு ஜோதிடர் சந்திரனுக்கு நாலில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பையன் வீட்டு ஜோதிடர் சுக்கிரனுக்கு ஆறு என்று பதில் சொன்னார். இது ஒரே கட்டத்துக்குள் நடக்கும் வாதம், இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆப்புத் தாளை மாமா என்னிடமே விட்டுவிட்டுப் போனார், அதன் பின்பக்கத்தில்தான் மேலே உள்ள நேரக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.